பொறுப்பு கைமாறும்போது

வாணிபத்தைப் பற்றிப் பாடப் புத்தகங்களில் படிக்கும்போது, ஒரு நிறுவனம் மற்றொரு நிறுவனத்துக்குச் சரக்கு விற்கிறது என்று படிக்கிறோம். அது கணக்கேட்டின் மொழி. நடைமுறையிலோ, அந்த நிறுவனத்தில் ஒருவரும் இந்த நிறுவனத்தில் ஒருவரும் இருக்கிறார்கள். அவ்விருவரிடையே நடக்கும் கடிதப் போக்குவரத்தும், தொலைபேசிப் பேச்சும், ஒப்புதலும் மறுப்புமே வாணிபத்தை நடத்திச் செல்கின்றன. விற்கும் பக்கத்தில் உள்ள அந்த ஒருவர் ஒருநாள் வேலையை விட்டுச் செல்கிறார். அவருடைய நாற்காலியில் புதியவர் ஒருவர் அமர்கிறார். அந்தப் புதியவரை வாடிக்கையாளருக்கு எவ்வாறு அறிமுகப்படுத்துவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

“இதில் பேச என்ன இருக்கிறது? ‘இவர் போகிறார், அவர் வருகிறார்’ என்று இரண்டு வரி எழுதிவிட்டால் ஆயிற்று” என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பல நிறுவனங்கள் செய்வதும் அதுதான். ஆனால் அந்த இரண்டு வரிக்குப் பிறகு நின்றுபோன ஆர்டர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டு வாடிக்கையாளர் பிரிவைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தவன். எங்கள் ஊரில் வாடிக்கையாளருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நிற்பவரை ‘மெர்ச்சண்டைசர்’ என்று சொல்வார்கள். வேறு தொழில்களில் இதே வேலைக்கு வேறு பெயர்கள் உண்டு. வாங்குபவர் அனுப்பும் அளவுப் பட்டியலைப் படித்துப் புரிந்துகொள்வதும், மாதிரி தைத்து அனுப்புவதும், நிறத்துக்கு ஒப்புதல் பெறுவதும், நூல் வந்ததா, துணி சாயமேறி வந்ததா, தையல் எந்த நிலையில் இருக்கிறது என்று நாள்தோறும் பார்த்து வாங்குபவருக்குத் தெரிவிப்பதும் அவர் பணிகள். ஹாம்பர்கில் இருக்கும் வாடிக்கையாளர் எங்கள் தொழிற்சாலையை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் பெரிது. ஆனால் மெர்ச்சண்டைசரின் குரலை வாரத்துக்கு மூன்று முறை கேட்பார். அவர் கண்ணுக்கு அந்த மெர்ச்சண்டைசர்தான் நிறுவனம்.

இத்தகைய மெர்ச்சண்டைசர் ஒருவர், ஆறு ஆண்டுகள் எங்களிடம் பணியாற்றியவர், ஒரு மாதத்தின் முதல் தேதியன்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். வேறொரு நிறுவனத்தில் நல்ல பதவி கிடைத்திருந்தது. முப்பது நாள் தவணையில் விடைபெறுவதாக ஏற்பாடு. அவர் கையில் ஹாம்பர்க் நகரத்துக் குழந்தை ஆடைக் கடைகளின் ஆர்டர் ஒன்று நடந்துகொண்டிருந்தது. இரண்டு வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான அரைக்கைப் பனியன்கள் 12,000. சிவப்பு, மஞ்சள், கருநீலம் என மூன்று நிறங்கள், நிறத்துக்கு 4,000. கப்பலேற்ற ஒன்பது வாரமே இருந்தது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நிற ஒப்புதல் வந்துவிட்டது. கருநீலத்துக்கு வரவில்லை.

இந்தச் செய்தியை வாடிக்கையாளருக்கு எப்போது சொல்வது? அன்றே சொல்லிவிடலாம் என்றார் முதலாளி. நான் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். மறைப்பதற்காக அன்று. “உங்கள் மெர்ச்சண்டைசர் போகிறார்” என்று கேட்டவுடன் எந்த வாடிக்கையாளரும் கேட்கும் முதற்கேள்வி, “அப்படியானால் என் ஆர்டர் யார் கையில்?” என்பதே. அதற்கு விடை தயாராக இல்லாமல் செய்தியை மட்டும் சொன்னால், அவர் மனத்தில் கவலையைக் கொண்டுபோய் வைக்கிறோம். அதே வேளையில், வெகுநாள் தள்ளிப்போடுவதும் தவறு. திருப்பூரில் ஒருவர் நிறுவனம் மாறும் செய்தி தேநீர்க்கடைக்குச் சென்று, கொள்முதல் முகவர் அலுவலகத்தை அடைந்து, அங்கிருந்து கடல் கடந்து செல்ல அதிக நாள் ஆகாது. வாடிக்கையாளர் பிறர் வாயிலாகக் கேட்டுவிட்டால், அதன்பின் நாம் எழுதும் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சமாதானமாகத்தான் தோன்றும். ஆகவே ஏழு நாள் என்று முடிவு செய்தோம். அதற்குள் புதியவர் யார் என்பது தீர்மானமாக வேண்டும். அவர் ஆர்டரை அறிந்திருக்கவும் வேண்டும்.

புதியவராக எங்கள் மாதிரிப் பிரிவில் நான்கு ஆண்டுகள் இருந்த பெண்மணி ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். இருவரையும் ஒரு மேசையில் அமர்த்தி, ஒப்படைப்புக் குறிப்பு ஒன்றை எழுதச் சொன்னேன். விடைபெறுபவர் முதல்நாள் மாலையே நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். ஆர்டர் எண், அளவு, விலை, கப்பல் தேதி, மாதிரிகள் சென்ற நாள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் அவை யாவும் கோப்பிலேயே இருப்பவை. கோப்பில் இல்லாதது எது என்பதே கேள்வி. தெரிந்தவருக்கு அது தெரிந்தது என்றே தோன்றாது; மூச்சு விடுவதைப்போல இயல்பாகிவிட்டிருக்கும். அதை வெளியே கொண்டுவர வேண்டுமானால் அறியாதவர் கேட்க வேண்டும். ஆகவே, குறிப்பை எழுதும் வேலையைப் புதியவர் கையில் கொடுத்தேன். அவர் கேட்டார், இவர் சொன்னார். அவ்வாறு மூன்று செய்திகள் வெளிவந்தன.

முதற்செய்தி நிறத்தைப் பற்றியது. “அண்ணா, கருநீலத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்களே, என்ன காரணம்?” என்று புதியவர் கேட்டார். “அந்த அம்மையார் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதில்லை, அம்மா, கடை விளக்கில்தான் பார்ப்பார்” என்றார் அவர். இதைச் சற்று விளக்க வேண்டும். துணி முழுவதையும் சாயமேற்றுவதற்கு முன், உள்ளங்கையளவு துண்டுகளில் மூன்று நான்கு விதமாகச் சாயமேற்றி வாடிக்கையாளருக்கு அனுப்புவார்கள். இதற்கு ‘லேப் டிப்’ என்று பெயர். வெவ்வேறு சாயங்களைக் கலந்து ஒரே நிறத்தைக் கொண்டுவர முடியும். அவ்வாறு செய்த இரண்டு துண்டுகள் ஒரு விளக்கின்கீழ் ஒன்றாகத் தோன்றி, வேறு விளக்கின்கீழ் வேறாகத் தோன்றுவது உண்டு. ஏனெனில், விளக்குக்கு விளக்கு ஒளியின் கலவை வேறு. சாயம் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி எஞ்சியதைத்தான் நம் கண்ணுக்கு அனுப்புகிறது. ஆதலால் சாயச்சாலைகளில் விளக்குப் பெட்டி ஒன்று வைத்திருப்பார்கள். அதில் பகலொளிக்கு ஒப்பான ‘டி 65’ என்ற விளக்கும், ஐரோப்பியக் கடைகளில் நெடுங்காலம் வழங்கிவந்த குழல்விளக்குக்கு ஒப்பான ‘டி.எல். 84’ என்ற விளக்கும் இருக்கும். ஹாம்பர்க் அம்மையார் டி.எல். 84-இல் பார்த்தே நிறத்தை ஏற்பவர். இதை அவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியில் சொன்னதோடு சரி. எந்தத் தாளிலும் இல்லை. எங்கள் சாயச்சாலையோ டி 65-இல் ஒப்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது.

இரண்டாவது செய்தி கழுத்தைப் பற்றியது. குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் பெரிது. பனியனின் கழுத்து அழகாகத் தைக்கப்பட்டிருந்தாலும், இழுத்தால் விரியாவிட்டால் தலை நுழையாது. அளவுப் பட்டியலில் இருந்தது இழுக்காத நிலையில் கழுத்தின் அளவு மட்டுமே. இழுத்துப் பிடித்தால் 54 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது இருவரிடையே வாய்மொழி ஏற்பாடு.

மூன்றாவது, தேதியைப் பற்றியது. கருநீல ஒப்புதல் தாமதமானதால், சிவப்பும் மஞ்சளுமான 8,000 பனியன்களைக் குறித்த நாளில் அனுப்பிவிட்டு, கருநீலம் 4,000-ஐ மட்டும் பத்து நாள் கழித்து அனுப்பலாம் என்று அம்மையார் தொலைபேசியில் இசைந்திருந்தார். இதற்கும் எழுத்து இல்லை. அவர் மறந்துவிட்டாலோ, வேலை மாறினாலோ, பத்து நாள் தாமதத்துக்கு அபராதம் கேட்கப்படும். அல்லது கப்பலுக்குப் பதிலாக எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பவேண்டி வரும். விமானக் கூலி அந்த 4,000 பனியன்களின் இலாபத்தை விழுங்கிவிட்டு, மேலும் கேட்கும்.

நேயர்களே, இந்த மூன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரு மனிதர் விடைபெறும்போது அவரோடு வெளியேறுவது கோப்பன்று. இத்தகைய வாய்மொழி ஏற்பாடுகளே. வாடிக்கையாளர் அஞ்சுவதும் புதிய முகத்துக்காக அன்று. தாம் முன்னமே சொன்னதையெல்லாம் மீண்டும் முதலிலிருந்து சொல்லவேண்டுமோ என்றே அஞ்சுகிறார். ஆகவே, புதியவரை அறிமுகப்படுத்துவது என்றால், ஒரு பெயரைச் சொல்வதன்று. நினைவைக் கைமாற்றியாயிற்று என்பதைக் காட்டுவது.

எட்டாம் தேதி தொலைபேசியில் பேசினோம். நடப்பிலுள்ள ஆர்டர் உடையவருக்குக் கடிதம் முதலில் போகக்கூடாது. குரல் முதலில் போகவேண்டும். கடிதத்தைப் படித்து அவர் ஒரு கேள்வியோடு தனியே அமர்ந்திருப்பதைக் காட்டிலும், கேள்வி எழுந்த கணத்திலேயே விடை சொல்ல ஒருவர் இருப்பது நல்லது. நம்மூரில் பகல் ஒன்றரை மணி. அங்கே அப்போதுதான் காலை அலுவல் தொடங்கியிருக்கும். விடைபெறுபவரே பேசினார், நான் உடனிருந்தேன். போகிறேன் என்பதையும், எந்த நாள் வரை இருப்பேன் என்பதையும், அடுத்தவர் யார் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். எங்கே போகிறேன், ஏன் போகிறேன் என்பதைச் சொல்லவில்லை. கேட்டபோது, “வேறு பணி ஏற்கிறேன்” என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் சொன்னால் அது புதிய முதலாளிக்கு விளம்பரமாகும், அல்லது பழைய முதலாளிமேல் புகாராகும். இரண்டும் வாடிக்கையாளருக்குப் பயன்படாதவை. அதே நாளிலும் மறுநாளிலுமாக அவருடைய மற்ற இரண்டு வாடிக்கையாளருக்கும் சொல்லி முடித்தோம். ஒருவருக்கு இன்றும் மற்றொருவருக்கு அடுத்த மாதமும் சொல்வது வழக்கமாக வெளிப்பட்டுவிடும். பின்னால் அறிந்தவர் தாம் சிறியவர் என்று கருதப்பட்டதாக எண்ணுவார்.

ஒன்பதாம் தேதி கடிதம் சென்றது. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் கருத்தைத் தமிழில் சொல்கிறேன்:

“அன்புள்ள அம்மையீர், நேற்றுத் தொலைபேசியில் தெரிவித்தபடி, இம்மாதம் 30ஆம் தேதியுடன் இந்நிறுவனத்திலிருந்து விடைபெறுகிறேன். இன்று முதல் தங்கள் ஆர்டர்களை எங்கள் மாதிரிப் பிரிவிலிருந்து வரும் இவர் கவனிப்பார். கடந்த மூன்று பருவங்களாகத் தங்களுக்கு வந்த மாதிரிப் பனியன்களை அனுப்புமுன் அளந்து சரிபார்த்தவர் இவரே. 30ஆம் தேதி வரை இருவரும் சேர்ந்தே கவனிப்போம். இருவருக்கும் எழுதுங்கள், விடை இவர் தருவார். விலை, தேதி, பணம் செலுத்தும் முறை ஆகியவற்றில் எந்த மாற்றமும் இல்லை. எங்கள் வங்கிக் கணக்கும் மாறவில்லை. மாறியதாக யார் எழுதினாலும், தங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் எங்கள் அலுவலகத்தை அழைத்துக் கேளாமல் பணம் அனுப்ப வேண்டாம். தங்களுக்கு வசதியானால் 12ஆம் தேதி காணொளியில் மூவரும் பேசலாம்.”

இக்கடிதத்தில் சில வாக்கியங்களைக் கவனியுங்கள். புதியவரைப் பற்றி ‘மிகத் திறமையானவர், அனுபவம் வாய்ந்தவர்’ என்று ஒரு சொல்லும் இல்லை. அத்தகைய சொற்கள் எவருக்கும் பொருந்தும். ஆகவே எவரும் நம்புவதில்லை. ‘உங்கள் மாதிரிகளை அளந்தவர் இவரே’ என்ற செய்தியோ அவருக்கு மட்டும் பொருந்துவது. வாடிக்கையாளர் தம் கையிலிருக்கும் பனியனைப் பார்த்தே அதை உணர முடியும். ‘வாய்ப்புக் கிடைத்தால் இவரைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்பது போன்ற தயக்கமும் இல்லை. இன்று முதல் விடை தருபவர் யார் என்பது ஐயமின்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. இருவரும் விடை தரலாம் என்று விட்டுவிட்டால், வாடிக்கையாளர் பழகியவருக்கே எழுதிக்கொண்டிருப்பார். 31ஆம் நாள் திடீரெனக் கதவு சாத்தப்பட்டதாக உணர்வார்.

வங்கிக் கணக்கைப் பற்றிய வரி ஏன் வந்தது என்று வியக்கலாம். பொறுப்பு கைமாறும் வேளை, மோசக்காரர்களுக்கு நல்ல வேளை. புதிய ஆள், புதிய முகவரி, புதிய நடை எல்லாம் வாடிக்கையாளருக்கு இயல்பாகத் தோன்றும் காலம் அது. அப்போது, “எங்கள் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்” என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் நம்பிவிடுவது எளிது. முகவரியில் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பதிலாக ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்து இட்டால் அவசரக் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு 2023ஆம் ஆண்டில் வந்த புகார்களின்படி, வணிக மின்னஞ்சலைப் பயன்படுத்திச் செய்த இவ்வகை மோசடிகளால் இழந்த தொகை 290 கோடி டாலருக்கு மேல். ‘ஏற்கெனவே உள்ள எண்ணில் அழைத்து’ என்ற சொற்களே இவ்வரியின் உயிர். மோசக் கடிதத்திலேயே ஒரு தொலைபேசி எண் இருக்கும். அதை அழைத்தால் மோசக்காரரே “ஆம்” என்பார்.

பத்தாம் தேதி காலையில் புதியவர் தம் முதற்கடிதத்தை எழுதினார். ‘உங்களோடு பணியாற்றுவதில் மகிழ்ச்சி’ என்று தொடங்கி முடிந்துவிடும் கடிதத்தை அவர் எழுதவில்லை. கருநீல லேப் டிப்புகளை இம்முறை டி.எல். 84 விளக்கில் ஒப்பிட்டு அனுப்புவதாகவும், கழுத்தை இழுத்து அளந்ததில் 55 சென்டிமீட்டர் வருவதாகவும் தெரிவித்தார். பிறகு இவ்வாறு எழுதினார்: “கருநீலம் 4,000 மட்டும் பத்து நாள் பின்னால் வரலாம் என்று தாங்கள் இசைந்ததாகக் குறித்து வைத்திருக்கிறோம். எங்கள் குறிப்பில் பிழையிருந்தால் திருத்துமாறு வேண்டுகிறேன்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதுவதில் ஒரு நுட்பம் உண்டு. ‘தாங்கள் வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்’ என்று கேட்டிருந்தால், வந்த மறுநாளே இப்பெண்மணி தம்மை நம்பவில்லை என்று அம்மையார் நினைத்திருப்பார். ‘எங்கள் குறிப்பு சரிதானா?’ என்று கேட்டால் மரியாதையும் கெடுவதில்லை, எழுத்தும் கிடைக்கிறது. புதிதாக வந்தவருக்கே இப்படிக் கேட்கும் உரிமை உண்டு. பழகியவர் திடீரென்று கேட்டால் விபரீதமாகத் தோன்றும். ஆகவே பொறுப்பு கைமாறும் சில நாட்கள், வாய்மொழியாக நிற்பவற்றை எழுத்தாக்கிக்கொள்ளக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. அம்மையார் அன்று மாலையே விடை எழுதினார். பத்து நாளுக்கு இசைந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சரக்கைத் தனிப்பெட்டிகளில் வேறு எண்ணிட்டு அனுப்பவேண்டும் என்றார். அந்த இரண்டாம் பகுதி எங்களில் யாருக்கும் தெரியாதது.

பன்னிரண்டாம் தேதி காணொளிச் சந்திப்பு நடந்தது. அதற்குமுன் விடைபெறுபவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் விடுத்தேன்: “நீங்கள் வணக்கம் சொல்லுங்கள், அதன்பின் கேட்காமல் பேசாதீர்கள்.” இது கடினமான காரியம். ஆறு ஆண்டுகள் விடை சொல்லிப் பழகிய நாவு சும்மாயிராது. ஆனால் அவர் ஒவ்வொரு கேள்விக்கும் முந்திக்கொண்டு விடை சொன்னால், அறிமுகப்படுத்த வந்தவரே புதியவரை மறைத்து நிற்பவராவார். ஆர்டரின் நிலையைப் புதியவர் நிறம் நிறமாகச் சொன்னார். ஓரிடத்தில் விடை தெரியாதபோது, “நாளை உங்கள் நேரம் பத்து மணிக்குள் தெரிவிக்கிறேன்” என்றார், தெரிவித்தார். வாடிக்கையாளர் புதியவரை எடைபோடுவது அத்தகைய இடத்திலேயே. எல்லாம் தெரியும் என்று எதிர்பார்ப்பவர் எவருமில்லை. சொன்ன நேரத்தில் சொன்னது வருகிறதா என்பதையே பார்க்கிறார்கள்.

எஞ்சிய பதினெட்டு நாட்களிலும் வரும் கடிதங்கள் இருவருக்கும் வந்தன. விடை ஒருவரிடமிருந்தே சென்றது. 30ஆம் தேதிக்குப் பிறகு பழையவரின் மின்னஞ்சல் முகவரியை உடனே மூடிவிடவில்லை. மூன்று மாதம் அதில் வருவன புதியவருக்கே போகுமாறு ஏற்பாடு செய்தோம். பருவத்துக்கு ஒருமுறை மட்டும் எழுதுகிற வாடிக்கையாளர் பழைய முகவரிக்கே எழுதுவார். அக்கடிதம் மூடிய கதவில் மோதித் திரும்பினால், நிறுவனமே மூடிவிட்டதோ என்று ஐயுறுவார். சொந்தக் கைப்பேசியில் நடந்த வாட்ஸ்அப் உரையாடல்கள் மற்றொரு தொல்லை. அவற்றுள் ஒப்புதல்களும் படங்களும் கிடக்கும். அவை அவரோடு போய்விடும். அவற்றை முன்னதாகவே கோப்பில் சேர்த்துக்கொண்டு, குழுக்களில் புதியவரைச் சேர்த்து, விடைபெறுபவர் தாமே ஒரு வரி சொல்லி விலகுவதே முறை.

எல்லா இடத்திலும் இப்படி முப்பது நாள் கிடைக்கும் என்பதில்லை. சினத்தோடு அன்றே வெளியேறுபவர் உண்டு. நோயால் வர இயலாதவர் உண்டு. அப்போது விடைபெறுபவரின் வாயால் அறிமுகம் நடக்காது. மேலதிகாரியே தொலைபேசியை எடுக்க வேண்டும். நிலையான ஆள் அமையாவிட்டால், “மூன்று வாரத்துக்கு நானே கவனிப்பேன், அதன்பின் யார் என்பதை இந்த நாளுக்குள் சொல்வேன்” என்று சொல்லலாம். வாய்மொழி ஏற்பாடுகளை வாடிக்கையாளரிடமே கேட்டறிய வேண்டியிருக்கும். அதையும் ஒளிக்காமல், ஒரே தடவையில், வரிசையாகக் கேட்பது நல்லது. தினம் ஒரு கேள்வியாகக் கேட்டால் நம் அறியாமை தினமும் புதுப்பிக்கப்படுகிறது. போனவரைக் குறைகூறி அனுதாபம் தேட முயல்வது மட்டும் கூடவே கூடாது. அந்த வாடிக்கையாளர் ஆறு ஆண்டுகள் நம்பியவர் அவர். அவரைக் குறைசொன்னால் வாடிக்கையாளரின் தீர்ப்பையே குறைசொல்வதாகும். இவ்வளவும் செய்த பிறகும், நிறுவனத்தை விட்டு மனிதரைப் பின்தொடர்ந்து செல்லும் வாடிக்கையாளர் சிலர் உண்டு. அதை எந்த அறிமுகத்தாலும் தடுத்துவிட முடியாது.

அறிமுகம் பலிக்கவில்லை என்பதை எப்படி அறிவது? வாடிக்கையாளர் கோபமாக எழுதமாட்டார். புதியவருக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் மேலதிகாரிக்கு வரத் தொடங்கும். முன்பு ஒரு சொல்லில் முடிந்ததற்கு இப்போது எழுத்தில் உறுதி கேட்பார். ஏற்கெனவே அனுப்பிய தாள்களை மீண்டும் கேட்பார். அடுத்த பருவத்து ஆர்டரின் அளவு குறையும். இந்த அடையாளங்களுள் ஒன்று தோன்றினாலும், மேலதிகாரி மறுபடி தொலைபேசியை எடுத்து, “எதை நாங்கள் விட்டுவிட்டோம்?” என்று நேராகக் கேட்க வேண்டும்.

ஹாம்பர்க் ஆர்டரில் கருநீலம் அடுத்த முறையே ஒப்புதல் பெற்றது. முதல் 8,000 குறித்த நாளில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயிற்று. எஞ்சியது பத்து நாள் கழித்துத் தனிப்பெட்டிகளில் போயிற்று. ஆயினும் அறிமுகம் நிறைவேறியது என்று நான் கருதிய நாள் அவ்விரண்டும் அல்ல. சரக்கு சென்று சேர்ந்த பின் ஒருநாள், ஒரு பெட்டியில் மஞ்சள் பனியன்களின் அளவுச்சீட்டு மாறியிருப்பதாக அம்மையாரிடமிருந்து புகார் வந்தது. அது எனக்கு வரவில்லை, முதலாளிக்கும் வரவில்லை. புதியவருக்கு வந்தது, அவருக்கு மட்டுமே வந்தது. வாடிக்கையாளர் தம் குறையை முதலில் யாரிடம் சொல்கிறாரோ, அவரைத்தான் உண்மையில் தம் ஆளாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

நாளை நீங்களும் ஏதோ ஒரு நிறுவனத்தில் ஒரு நாற்காலியில் அமர்வீர்கள். பின்னொரு நாள் எழுந்தும் போவீர்கள். அப்போது கோப்புகளை ஒழுங்காக அடுக்கி வைப்பதோடு நின்றுவிடாமல், கோப்பில் இல்லாதவற்றைக் கேட்டறிய அடுத்தவருக்கு ஒரு வாரமாவது கொடுங்கள்.